குறைந்த பணத்தில் பழைய கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டி பார்க்கக் கூட வரும்படி என்னை அழைப்பவர்கள் வழியில் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த நிறுவனத்தின் எந்த மாடல் சிறந்தது என்பதற்கு இதில் பதில் இல்லை. கையில் அளவான பணம் வைத்திருப்பவர், சுமார் பத்து வயதான, கையால் கியர் மாற்றும் ஒரு பெட்ரோல் காரை வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் வரிகளும் ஊருக்கு ஊர் மாறும். அதனால் தொகைகளுக்குப் பதிலாக, மொத்தப் பணத்தை நூறு பங்காக வைத்துக் கணக்குச் சொல்கிறேன்.

என்னிடம் இருக்கும் பணத்துக்குள் விலை வருகிற வண்டியைத்தானே பார்க்க வேண்டும்?

இல்லை, அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் பார்க்க வேண்டும். விற்பவர் சொல்லும் விலை வண்டியை அவர் வாசலிலிருந்து எடுப்பதற்கு மட்டும்தான். அது உங்கள் பெயரில், காப்பீட்டோடு, நம்பி ஓட்டக்கூடிய நிலையில் உங்கள் வாசலில் நிற்பதற்கு இன்னொரு செலவு இருக்கிறது. விலை குறைந்த வண்டிகளில் இந்த இரண்டாவது செலவு இன்னும் பெரிதாகத் தெரியும். டயரும் பிரேக்கும் வண்டி மலிவு என்பதற்காக மலிவாகக் கிடைப்பதில்லை.

ஆகவே கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். மொத்தப் பணத்திலிருந்து தவிர்க்க முடியாத செலவுகளைக் கழித்து, மிஞ்சுவதை வண்டிக்கு ஒதுக்குங்கள். விலையை முடித்துவிட்டு மீதிப் பணத்தில் மற்றதைச் சமாளிக்கலாம் என்று தொடங்குகிறவர்களின் வண்டிதான் தேய்ந்த டயரோடு ஒரு வருடம் ஓடுகிறது.

அந்த மற்ற செலவுகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

நண்பர் ஒருவர் போட்ட கணக்கையே தருகிறேன். அவரது மொத்தப் பணம் நூறு பங்கு. மெக்கானிக்கின் பரிசோதனைக்கு 1, பெயர் மாற்றக் கட்டணத்துக்கும் வரிக்கும் 4, முதல் வருடக் காப்பீட்டுக்கு 5, வாங்கியதும் செய்யும் சர்வீசுக்கு 3 என்று வைத்தார். இவை எதையும் ஊகித்து எழுதவில்லை. பதிவு அலுவலகத்தின் கட்டண விவரத்தைப் பார்த்தார், காப்பீட்டு நிறுவனத்திடம் மாடலையும் வருடத்தையும் சொல்லி விலை கேட்டார், மெக்கானிக்கிடம் நேரில் விசாரித்தார். எதிர்பாராத பழுதுக்கு 8 பங்கைத் தனியே எடுத்து வைத்தார்.

ஆக 21 போய்விட்டது. மீதி 79. இந்த 79 முழுவதும் வண்டியின் விலை என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியின் விலையும், பரிசோதனையில் தெரியவரும் பழுதுகளின் செலவும் சேர்ந்து அந்த 79-க்குள் அடங்க வேண்டும். உங்கள் ஊரில் பங்குகள் வேறாக இருக்கலாம், ஆனால் வரிசை இதுதான். அவர் பார்த்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உரிமையாளரிடம் நேரடியாக வாங்குவதா, வியாபாரியிடம் வாங்குவதா?

நேரடியாக வாங்கினால் விலை குறையும், வண்டியின் வரலாற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வியாபாரியிடம் விலை கூடும். ஆனால் எழுத்துமூலம் உத்தரவாதம் கிடைத்தால் 8 பங்குக் கையிருப்பில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வாய்வழி உத்தரவாதத்துக்காக ஒரு பங்கும் கூடுதலாகத் தர வேண்டாம்.

எனக்கே கொஞ்சம் வண்டி தெரியும். மெக்கானிக்குக்குத் தனியாகப் பணம் தர வேண்டுமா?

வேண்டும், ஆனால் பார்க்கும் எல்லா வண்டிக்கும் வேண்டாம். முதல் சலிப்பை நீங்களே செய்யுங்கள். அதில் தப்பும் ஒன்றிரண்டு வண்டிகளுக்கு மட்டும் மெக்கானிக்கை அழையுங்கள். அவரால் வண்டியை லிஃப்டில் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்க முடியும். துரு, ஆயில் கசிவு, சஸ்பென்ஷன் புஷ்கள், கிழிந்த ஆக்சில் ரப்பர் உறை இவையெல்லாம் நின்றுகொண்டு பார்ப்பவருக்குத் தெரியாது.

மெக்கானிக் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. அவரிடம் ‘வண்டி நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் வரும். ‘அடுத்த ஒரு வருடத்தில் இதற்கு என்னென்ன செலவு வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு’ என்று கேளுங்கள். உங்கள் கணக்குக்குத் தேவையானது அந்தப் பட்டியல்தான். மெக்கானிக்கிடம் காட்ட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

முதல் சலிப்பு என்கிறீர்களே, நான் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் குளிர்ந்த என்ஜின். வண்டியைப் பார்க்க வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பல குறைகள் குளிர்ந்த என்ஜினில்தான் வெளிப்படும். முதல் சில நொடிகளில் கேட்கும் கடகட சத்தம், தடுமாறும் ஐட்லிங், ஸ்டார்ட் செய்தவுடன் வரும் நீலப் புகை எல்லாம் என்ஜின் சூடான பிறகு மறைந்துவிடக்கூடும். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து லேசான வெள்ளை ஆவி வந்து அடங்குவது இயல்பு. என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வந்தால் கூலண்ட் எரிகிறது என்று பொருள். அது பெரிய செலவு.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்தது போன்ற குழம்பு ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குறைந்த தூரம் மட்டுமே ஓடும் வண்டியில், குளிர் காலத்தில், ஈரப்பதத்தால் மூடியில் மட்டும் கொஞ்சம் படியும். அதனால் ஆயில் அளவுக் கம்பியையும் உருவிப் பாருங்கள். கம்பியிலும் அதே நிறம் என்றால், என்ஜினுக்குள் ஆயிலும் கூலண்டும் கலக்காமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலண்ட் மூடியை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அடுத்து டயர். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், வெளியே தெரியாவிட்டால் குனிந்து உள்பக்கம் பாருங்கள். பள்ளங்களுக்கு நடுவே குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் உண்டு, உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் டயர் மாற்றினால் மட்டும் போதாது, வீல் அலைன்மென்ட் அல்லது சஸ்பென்ஷன் வேலையும் காத்திருக்கிறது.

கிலோமீட்டர் மிகக் குறைவாகக் காட்டுகிறது. நம்பலாமா?

ஓடோமீட்டரை மட்டும் வைத்து நம்ப வேண்டாம், டிஜிட்டல் என்றாலும் அதைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வீஸ் ரசீதுகளில் எழுதியிருக்கும் கிலோமீட்டர்களைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். எங்காவது எண் பின்னோக்கிப் போகிறதா, திடீரென்று சில வருடங்களுக்கு ரசீதே இல்லையா என்று பாருங்கள். பிறகு வண்டியையே கேளுங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது, ஓட்டுநர் இருக்கையின் கதவோரப் பகுதி அமுங்கியிருக்கிறது, ஸ்டீயரிங் உறை பளபளக்கிறது, மீட்டரோ 30,000 என்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். பத்து வயது வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று யோசிக்கலாம்.

உண்மையிலேயே குறைவாக ஓடிய வண்டியும் செலவு இல்லாதது அல்ல. டயர், பேட்டரி, ரப்பர் குழாய்கள், பிரேக் ஆயில் ஆகியவை நின்ற இடத்திலேயே வயதாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் ஆயிலை, வண்டிதான் ஓடவில்லையே என்று மாற்றாமல் விட்டிருப்பார்கள். அதுவோ காற்றின் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

பாட்டை நிறுத்துங்கள், ஏசியை நிறுத்துங்கள், விற்பவரின் பேச்சையும் முடிந்தவரை நிறுத்துங்கள். காலியான சாலையில் உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதியுங்கள். என்ஜின் சுற்று எகிறி, வேகம் மட்டும் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. திறந்த இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். முன்சக்கரப் பக்கம் டக் டக் என்று சீரான சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. சமதளத்தில் நேராகப் போகும்போது பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது, ஸ்டீயரிங் நடுங்கக் கூடாது. கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். வெப்பமானி முள் நடுவில் போய் நிற்கிறதா என்பது தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தால் தெரியாது.

எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, ஸ்கேனரிலும் பிழை இல்லை. அப்படியென்றால் என்ஜின் சுத்தம்தானே?

அவசியமில்லை. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது என்ஜின் விளக்கு, ஏர்பேக் விளக்கு எல்லாம் ஒருமுறை எரிந்தாக வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைச் செயலிழக்கச் செய்திருக்கலாம்.

ஸ்கேனர் என்பது வண்டியின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் கருவி. அதில் பிழைக் குறியீடுகளை அழிக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் அழித்தால் கணினியின் சுயபரிசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஸ்கேனரில் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பல வரிகளில் Not Ready அல்லது Incomplete என்றிருந்தால் அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், இல்லையேல் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். பேட்டரி மாற்றியதற்கு ரசீது இருந்தால் சரி. இல்லாவிட்டால் சில நாட்கள் ஓடிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்ய வருவதாகச் சொல்லுங்கள். அழித்த பழுது உண்மையானது என்றால் அதற்குள் விளக்கு திரும்ப எரிந்துவிடும்.

விபத்தில் அடிபட்டதா, வெள்ளத்தில் நின்றதா என்று எப்படித் தெரியும்?

விபத்துக்குப் பெயின்ட்டைவிட போல்ட்டைப் பாருங்கள். பானெட் கீல், முன் ஃபெண்டர், கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட்கள் தொழிற்சாலையில் பெயின்ட்டோடு வந்தவை. தலையில் ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி மெக்கானிக்கிடம் இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் பல நூறு மைக்ரான் என்றால் அடியில் புட்டி. கதவில் புட்டி என்பது விலை பேசும் விஷயம். கூரையைத் தாங்கும் தூணிலோ சேசிஸிலோ வெல்டிங் என்றால் பேச ஒன்றுமில்லை, கிளம்பிவிடுங்கள்.

வெள்ளத்துக்கு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாகச் சுருண்டே இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை தெரியும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, ஸ்பேர் டயர் குழியில் வண்டல், விளக்குக்குள் நீராவி, கம்பள விரிப்பின் அடியில் பூஞ்சை வாடை ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகம் வேண்டாம். அத்தகைய வண்டியின் மின்சாரப் பழுதுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். எந்தக் கையிருப்பும் அதற்குக் காணாது.

டைமிங் பெல்ட் மாற்றிவிட்டோம் என்கிறார்கள், ஆனால் ரசீது இல்லை.

மாற்றவில்லை என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். என்ஜின் செயின் வகையா பெல்ட் வகையா என்பதை முதலில் கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால் அதற்குக் கிலோமீட்டர் கெடுவும் வருடக் கெடுவும் கொடுத்திருப்பார்கள், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். அப்போது வரும் செலவு பெல்ட்டின் செலவைப் போலப் பல மடங்கு. அறுவதற்கு முன் பெல்ட் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம் என்பதால் ‘ஓடும்வரை ஓடட்டும்’ என்பது இதற்குப் பொருந்தாது.

மெக்கானிக் ஒரு பட்டியல் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் விலை குறைக்கக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் விற்பவர் பத்து வயது வண்டியில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும் என்பார். அது நியாயமும்கூட. எனவே நியாயமான விலை எது, என்னால் கொடுக்க முடிந்த விலை எது என்ற இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டாவது உங்கள் கணக்கிலிருந்து வருவது, அதில் பேரம் இல்லை.

மேலே சொன்ன நண்பருக்கு வருகிறேன். விற்பவர் கேட்டது 80 பங்கு. மெக்கானிக்கின் பட்டியலில் நான்கு வேலைகள் இருந்தன: ஏழு வயதான நான்கு டயர்களுக்கு 6, டைமிங் பெல்ட்டும் கூடவே தண்ணீர் பம்ப்பும் 4, முன் பிரேக் டிஸ்க்கும் பேடும் 2, பலவீனமான பேட்டரிக்கு 1. மொத்தம் 13. தன் 79-லிருந்து இதைக் கழித்தால் 66. அந்த எண்ணைச் சொன்னதும் விற்பவர் சிரித்தார். நண்பர் மெக்கானிக்கின் தாளை மேசையில் விரித்து, பெல்ட் ரசீதையும் டயர் தேதியையும் மட்டும் பேசினார். பேட்டரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. சில்லறைக் குறைகளை அடுக்கினால் பெரிய குறைகளின் கனமும் குறைந்துவிடும்.

விற்பவர் 69-க்கு இறங்கினார். மூன்று பங்கு இடிக்கிறது. டயர், பெல்ட், பிரேக் மூன்றும் தள்ளிப்போட முடியாதவை. பேட்டரி காத்திருக்கலாம், அது செத்தால் வண்டி நிற்கும், ஆபத்தில்லை. அந்த 1 போக மீதி 2-ஐக் கையிருப்பிலிருந்து எடுத்தார், கையிருப்பு 8-லிருந்து 6 ஆனது. பேட்டரி இரண்டாம் மாதமே படுத்துவிட்டது, 5 மிஞ்சியது. விற்பவர் 72-இல் நின்றிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடச் சொல்லியிருப்பேன். பத்து வயது வண்டியை 3 பங்குக் கையிருப்போடு எடுப்பது சரியல்ல.

பெயர் மாற்றத்தைக் கொஞ்ச நாள் கழித்துச் செய்துகொள்ளலாமா?

கூடாது. பணமும் சாவியும் கைமாறும்போதே அதற்கான படிவங்களில் இருவரும் கையெழுத்திட்டு, உடனே விண்ணப்பித்துவிடுங்கள். அதுவரை பதிவேட்டின்படி வண்டி உங்களுடையது அல்ல. விபத்து, காப்பீடு, மறுவிற்பனை எதுவானாலும் சிக்கல். விற்றவருக்கோ நீங்கள் வாங்கும் அபராதங்கள் அவர் பெயரில் போகும். தாமதத்துக்குத் தண்டம் விதிக்கும் இடங்களில் அது உங்கள் கணக்கில்தான் ஏறும்.

பணம் கொடுப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழின் சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இன்றைய வண்டிகளில் அது 17 எழுத்தும் எண்ணும் கொண்டது, I, O, Q மூன்றும் அதில் வராது. விற்பவரின் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்குக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கடிதம் வேண்டும். ‘நீங்கள் தரும் பணத்தில் அடைத்துவிடுகிறேன்’ என்றால் பணத்தை நேராக அந்த நிறுவனத்துக்கே கட்டுங்கள். நிலுவை வரியையும் அபராதத்தையும் பதிவேட்டில் பார்த்து, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தீர்க்கச் சொல்லுங்கள்.

பழைய காப்பீட்டில் இன்னும் பல மாதம் பாக்கியிருக்கிறதாம். நான் புதிதாக எடுக்க வேண்டாமே?

சில இடங்களில் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், சில இடங்களில் விற்றவுடன் அது முடிந்துவிடும். எதுவானாலும் அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் சொல்வது போதாது. உரிமையாளர் ஒருவர், காப்பீடு இன்னொருவர் பெயரில் என்ற நிலையில் விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். முதல் நாள் ஓட்டிக்கொண்டு வரும்போதே உங்களுக்குச் செல்லுபடியாகும் காப்பீடு இருக்க வேண்டும்.

முழுக் காப்பீடா, மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் போதுமா?

சட்டம் கேட்பது பெரும்பாலும் மூன்றாம் தரப்பு மட்டுமே. முழுக் காப்பீடு எடுத்தாலும் வண்டி முற்றாக அழிந்தால் கிடைப்பது நீங்கள் கொடுத்த விலை அல்ல, அன்றைய மதிப்பு. அதிலும் உங்கள் பங்காக ஒரு தொகையைக் கழிப்பார்கள். இரண்டு பிரீமியங்களின் வித்தியாசத்தை எழுதுங்கள், பக்கத்தில் அப்படிக் கிடைக்கக்கூடிய தொகையை எழுதுங்கள். நண்பருக்கு வித்தியாசம் 3 பங்கு, கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 60. வண்டி போனால் மறுபடி வாங்க அவரிடம் பணம் இல்லை, அதனால் முழுக் காப்பீடே எடுத்தார். மிகவும் மலிவான வண்டியில் இந்த எண்கள் நெருங்கிவிடும், அப்போது மூன்றாம் தரப்பே போதும்.

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் மாதம் என்ன செய்வது?

என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலண்ட் ஆகியவற்றை மாற்றுங்கள். கணக்கில் சர்வீசுக்கு வைத்த 3 இதற்குத்தான். இன்று தேதியும் கிலோமீட்டரும் குறித்துக்கொண்டால் இனி ஊகிக்க வேண்டியதில்லை. அடுத்து பிரேக், டயர், பெல்ட். பாட்டுப்பெட்டி, சீட் கவர், பாலிஷ் எல்லாம் கையிருப்பைக் கரைப்பவை, ஆறு மாதம் பொறுக்கட்டும். வாரம் ஒருமுறை ஆயிலும் கூலண்டும் எந்த அளவில் நிற்கின்றன என்று பாருங்கள். குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது அல்லது எரிகிறது. அதை முதல் மாதத்திலேயே கண்டுபிடிப்பது மலிவு.

எல்லாம் பார்த்து வாங்கியும் இரண்டாம் மாதம் கியர்பாக்ஸ் போய்விட்டது. பழுது பார்ப்பதா, தள்ளிவிடுவதா?

முதலில், எழுதிக் கொடுத்த உத்தரவாதம் இருக்கிறதா, பழுதை மறைத்து விற்றதற்கு உங்கள் ஊர்ச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே கொடுத்த விலையை மறந்துவிடுங்கள், அது எந்தப் பக்கமும் சேராது. மூன்று எண்கள் போதும்: இப்போதைய நிலையில் விற்றால் என்ன கிடைக்கும், பழுது நீக்க என்ன ஆகும், நீக்கிய பிறகு அது என்ன பெறும்.

பழுதோடு விற்றால் 40, பழுதுக்கு 15, சரிசெய்தபின் 66 என்றால் செய்துவிடுங்கள். பழுதுக்கு 30 ஆகும் என்றால் விற்பதே மேல், வேறு பெரிய வேலை எதுவும் பாக்கியில்லை என்று மெக்கானிக் உறுதியாகச் சொன்னாலொழிய. பழுது பார்க்க முடிவுசெய்தால், பழைய வண்டியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். அது எந்த வண்டியிலிருந்து வந்தது, எவ்வளவு ஓடியது, பொருத்தும் கூலிக்கும் சேர்த்து உத்தரவாதம் உண்டா என்பதைக் கேட்காமல் முன்பணம் தராதீர்கள்.